கறுப்புப் பூஞ்சைக்கு எந்த மருந்து?

2021-ஆம் ஆண்டின் கோடைக் காலத்தில், கொரோனாவின் இரண்டாம் அலை நாடெங்கும் பரவியிருந்த வேளையில், அந்நோயிலிருந்து மீண்டு வீடு திரும்பியவர்களிற் பலர், அதிலும் நீரிழிவு உள்ளவர்கள், முகத்தின் ஒரு பக்கம் வீங்கியும் கண் மங்கியும் மறுபடி மருத்துவமனைக்கு ஓடிவர நேர்ந்தது. கறுப்புப் பூஞ்சை என்று பத்திரிகைகள் அழைத்த மியூகோர்மைகோசிஸ் என்னும் அந்த வியாதியை, அவ்வாண்டு மே மாதத்தில், அறிவிக்கப்படவேண்டிய நோயாகத் தமிழக அரசு பிரகடனம் செய்தது. அதற்குரிய ஆம்போடெரிசின்-பி என்னும் ஊசிமருந்து கடைகளில் கிடைக்காமற்போக, உறவினர் ஊர் ஊராக அலைந்தனர். அந்த அலைச்சலின் நடுவே, ‘பூஞ்சைக்கு வேறு எத்தனையோ மருந்துகள் இருக்கின்றனவே, அவற்றில் ஒன்றைப் போட்டால் ஆகாதா?’ என்ற கேள்வி எழுந்தது இயல்பே. பெரும்பாலானவை ஆகா என்பதுதான் அதற்கு விடை. அது ஏன் என்பதை அறிந்த குடும்பத்தினர், இன்னொரு சந்தர்ப்பத்தில் ஏமாறவும் மாட்டார்கள். காலத்தை வீணாக்கவும் மாட்டார்கள்.

பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மருந்துகள் எண்ணற்றவை இருக்க, பூஞ்சையைக் கொல்லும் மருந்துகள் மிகச் சிலவாகவே இருப்பதற்குக் காரணம், பூஞ்சையின் உயிரணு நம்முடைய உயிரணுவை மிகவும் ஒத்திருப்பதே. உட்கருவும், புரதம் செய்யும் முறையும், சக்தி உண்டாக்கும் உறுப்புகளும் இரண்டிற்கும் ஏறக்குறைய ஒன்றாயிருப்பதால், பூஞ்சையைத் தாக்கும் விஷம் நோயாளியையும் தாக்கிவிடக்கூடும். இரண்டே இடங்களில்தான் தெளிவான பேதம் உண்டு. பூஞ்சையணுவைச் சுற்றி நமக்கில்லாத ஒரு கெட்டியான சுவர் இருக்கிறது; அச்சுவருக்கு உட்புறமுள்ள மெல்லிய சவ்வில், நம் உடலில் கொலஸ்டிரால் செய்யும் வேலையை எர்கோஸ்டெரால் என்னும் வேறொரு பொருள் செய்கிறது. மருத்துவ உலகம் நம்பியிருக்கும் மூன்று பெரிய வர்க்கங்களும் இந்தப் பேதங்களைப் பற்றிக்கொண்டே செயற்படுகின்றன.

வெளியிலிருந்து தொடங்குவோம். காஸ்போபஞ்சின், மைகாபஞ்சின், அனிடுலாபஞ்சின் ஆகியவை எக்கினோகேண்டின் வர்க்கத்தைச் சேர்ந்தவை. பூஞ்சையின் சுவருக்கு வலிமை தருகின்ற பீட்டா-குளுக்கன் என்னும் சர்க்கரைத் தொடரைக் கட்டுகின்ற நொதியை இவை முடக்குகின்றன. சுவர் நலிந்துபோக, உள்ளிருக்கும் அழுத்தம் தாங்காமல் அணு வெடித்துச் சாகிறது. நம் உயிரணுக்களுக்குச் சுவரே கிடையாது என்பதால், இம்மருந்துகளால் நோயாளிக்கு விளையும் தீங்கு மற்ற இரண்டு வர்க்கங்களினும் மிகக் குறைவு. இரத்தத்திற் பரவிய கேண்டிடா என்னும் பூஞ்சைக்கு, அதிலும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இன்று பேரச்சமாக வளர்ந்துள்ள கேண்டிடா ஆரிஸுக்கு, முதலில் எடுக்கப்படும் மருந்து இதுவே. ஆனால் இதற்கு இரண்டு எல்லைகள் உண்டு. நரம்பின் வழியே மட்டும் ஏற்றத்தக்க இம்மருந்து, கண்ணுக்குள்ளும் மூளைக்குள்ளும் சிறுநீருக்குள்ளும் போதிய அளவிற் செல்வதில்லை. மேலும், மியூகோர் இனப் பூஞ்சைகளின் சுவரில் இந்தக் குளுக்கனுக்கு முக்கிய ஸ்தானம் இல்லாமையால், கறுப்புப் பூஞ்சைக்கு இது தனி மருந்தாகப் பயன்படாது. அதே காரணத்தால், இரத்தத்தில் பீட்டா-குளுக்கனைத் தேடும் பரிசோதனையும் இந்நோயில் பெரும்பாலும் ‘இல்லை’ என்றே வருகிறது. அதை நம்பி நோய் இல்லையென்று முடிவு செய்துவிடலாகாது.

இரண்டாவது, அசோல் வர்க்கம். புளுகோனசோல், இட்ராகோனசோல், வோரிகோனசோல், போசாகோனசோல், இசாவுகோனசோல் ஆகியவை எர்கோஸ்டெராலைத் தாக்குவதில்லை. அது தயாராகும் வழியில் ஒரு படியை நடத்துகின்ற நொதியைத் தடுத்துவிடுகின்றன. அதனால் சவ்வுக்கு வேண்டிய பொருள் குறைந்து, அரைகுறையாய் நின்றுபோன வேண்டாத பொருள்கள் அதில் வந்து சேர, பூஞ்சையின் வளர்ச்சி மெல்ல மெல்லத் தடைப்படுகிறது. இவற்றுள்ளும் ஒன்று செய்வதை மற்றொன்று செய்யாது. யாவரும் அறிந்த புளுகோனசோல் மாத்திரை கேண்டிடாவின் பல இனங்களுக்கு நல்ல மருந்து. மியூகோருக்கு அதனால் பிரயோஜனமில்லை. ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சைக்கு மிகச் சிறந்ததான வோரிகோனசோலும் மியூகோரை அசைப்பதில்லை. போசாகோனசோலும் இசாவுகோனசோலும் மட்டுமே அதன்மேற் செயற்படுகின்றன. ஆகவே, ‘அசோல் கொடுத்திருக்கிறோம்’ என்ற பதிலோடு திருப்தியடையாமல், எந்த அசோல் என்பதைப் பெயர் சொல்லிக் கேட்பது அவசியம்.

மூன்றாவதாகிய பாலீன் வர்க்கந்தான் கறுப்புப் பூஞ்சையில் முதல் ஆயுதம். நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் பணியாற்றிய எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரௌன் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் 1950-இல் உலகிற்கு அறிவித்த நிஸ்டாடின் இவ்வர்க்கத்தில் மூத்தது. அது வாய்க்கும் தோலுக்கும் மட்டும் உரியது. அடுத்த சில ஆண்டுகளில், வெனிசுவேலாவின் ஓரினோகோ நதிக்கரை மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து ஆம்போடெரிசின்-பி பிரித்தெடுக்கப்பட்டது. இது பூஞ்சைச் சவ்விலுள்ள எர்கோஸ்டெராலோடு நேரே பிணைந்து, அதைச் சவ்விலிருந்து உறிஞ்சி வெளியேற்றுவதோடு, சவ்விலே துளைகளையும் உண்டாக்குகிறது. ஓட்டைக் குடத்திலிருந்து நீர் போவதுபோல் அணுவின் பொட்டாசியம் ஒழுகிப்போக, அது மடிகிறது. எர்கோஸ்டெரால் உள்ள பூஞ்சை ஏறக்குறைய எதையும் இது தாக்கும். ஆயினும் கொலஸ்டிராலும் எர்கோஸ்டெராலும் நெருங்கிய உறவுள்ள பொருள்களாதலால், நம் சிறுநீரகத்தின் அணுக்களையும் இம்மருந்து ஓரளவு பிடித்துக்கொள்கிறது. இம்மருந்தின் அபாயங்களிற் பெரும்பகுதி இந்த ஒரு காரணத்தினின்றே கிளைக்கிறது.

இவை படுக்கையருகே எப்படி வந்து பொருந்துகின்றன என்பதைக் காண, 60 கிலோ எடையுள்ள ஒரு நீரிழிவு நோயாளியை எண்ணிக்கொள்வோம். மூச்சுத் திணறலுக்காக ஸ்டீராய்டு பெற்று, சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறி, வீடு திரும்பிய சில நாட்களில் ஒரு பக்கக் கன்னம் வலித்து மரத்துப்போகிறது, மூக்கிலிருந்து இரத்தம் கலந்த கறுத்த சளி வருகிறது, மேற்பல் ஆடுகிறது, பொருள்கள் இரண்டிரண்டாய்த் தெரிகின்றன. இவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லவேண்டும். அவர் மூக்கினுள்ளிருந்து எடுக்கும் சிறு திசுவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், அகன்ற நாடாப்போன்ற, குறுக்குத் தடுப்புகள் அரிதான பூஞ்சை இழைகள் தென்படும். இச்சோதனையின் முதற்பதில் சில மணி நேரத்திலேயே கிடைக்கக்கூடியது. அதன்பின் செத்த திசுவை அறுவையால் அகற்றுவதும், சர்க்கரையை அடக்குவதும், மருந்து ஏற்றுவதும் ஒருங்கே நடக்கவேண்டும். இரத்த ஓட்டமே அற்றுப்போன திசுவிற்குள் எந்த மருந்தும் சென்று சேராது. எனவே ஊசி மட்டும் போதுமென்று அறுவையைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

மருந்தின் அளவே கவனத்தோடு அறியத்தக்க விஷயம். ஆம்போடெரிசின் கடைகளில் வெவ்வேறு வடிவங்களில் வருகிறது. கொழுப்புக் குமிழிகளுக்குள் அடைத்த லிப்போசோமல் வடிவத்தின் வழக்கமான அளவு, இந்நோயில், எடையின் ஒவ்வொரு கிலோவிற்கும் நாளொன்றுக்கு 5 மில்லிகிராம். நம் நோயாளிக்கு அது 300 மில்லிகிராம், அதாவது 50 மில்லிகிராம் குப்பிகள் ஆறு. நான்கு வாரம் தொடர்ந்தால் 168 குப்பிகள். 2021-இன் தட்டுப்பாடு எவ்வளவு கொடியதாயிருந்தது என்பது இந்தக் கணக்கிலேயே விளங்கும். பழைய சாதாரண வடிவத்திலோ கிலோவிற்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றவே கூடாது. 300 மில்லிகிராம் என்று எழுதிய சீட்டிற்குச் சாதாரண வடிவத்தை அதே அளவில் ஏற்றிவிட்டால், இதயமும் மூச்சும் நின்று உயிர் போகலாம். ஆகவே குப்பியின் மேலுள்ள பெயரில் ‘லிப்போசோமல்’ என்ற சொல் இருக்கிறதா என்பதை, வாங்கும்போது ஒரு முறையும் ஏற்றும்முன் செவிலியரோடு சேர்ந்து மறுமுறையும் பாருங்கள். இம்மருந்தைக் குளுக்கோஸ் நீரிலேதான் கலக்கவேண்டும். உப்பு நீர் பட்டால் அது படிந்துவிடும். சிறுநீரகத்தைக் காப்பதற்காக உப்பு நீர் தருவதுண்டு என்றாலும், அதை மருந்தோடு சேராமல் வேறு நேரத்தில் தருவார்கள். ஏற்றும்போது குளிரும் காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் உடனே சொல்லவேண்டும். கிரியாட்டினின், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகிய பரிசோதனைகள் அடிக்கடி நடக்கவேண்டும்; நாட்கணக்கில் நடவாதிருந்தால், ஏன் என்று கேட்பது குற்றமன்று, கடமை.

நோய் தணிந்தபின் பெரும்பாலும் போசாகோனசோல் மாத்திரைக்கு மாற்றி வீட்டுக்கு அனுப்புவார்கள். இங்கே அபாயம் வேறு திசையிலிருந்து வருகிறது. அசோல்கள் பூஞ்சையில் முடக்குகின்ற நொதியின் குடும்பத்தைச் சேர்ந்த நொதிகளே நம் கல்லீரலில் பிற மருந்துகளைக் கரைக்கின்றன. அவையும் முடங்கிப்போக, அம்மருந்துகள் உடலிற் தேங்கிவிடும். நீரிழிவாளர் பலர் கொலஸ்டிராலுக்காக விழுங்கும் அட்டோர்வாஸ்டாடினைப் போசாகோனசோலோடு சேர்த்து உட்கொண்டால், தசைகள் சிதைந்து சிறுநீர் கறுத்துச் சிறுநீரகம் கெடக்கூடும். புளுகோனசோலோடு கிளிமெபிரைடு சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரலாம். வார்பரின் சேர்ந்தால் இரத்தக் கசிவு உண்டாகலாம். காசநோய்க்குத் தரும் ரிபாம்பிசின் இதற்கு நேர்மாறு: அசோலையே அது விரைவில் அழித்து, சிகிச்சையைப் பயனற்றதாக்கிவிடும். அன்றாடம் உண்ணும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் எழுதி மருத்துவரிடம் காட்டாமல் அசோல் தொடங்கவேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஒற்றைப் புளுகோனசோலுக்கும் இது பொருந்தும்.

இனி உரிமைகளைப் பற்றி. நோயின் பெயரையும், கண்டறிந்த பூஞ்சையின் பெயரையும், கொடுக்கும் மருந்தின் வடிவத்தையும் அளவையும் நோயாளி அறிந்துகொள்வதற்கு உரிமை உண்டு. சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டு விண்ணப்பித்தால் 72 மணி நேரத்துக்குள் அவற்றைத் தரவேண்டுமென்று மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ஆம்போடெரிசின் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால், அரசு நிர்ணயித்த உச்சவிலைக்கு மேல் விற்பது சட்டவிரோதம். தட்டுப்பாடு அதற்குச் சமாதானமாகாது. 2021 ஜூனில் ஜி.எஸ்.டி. கவுன்சில் இம்மருந்தின் வரியையே சில மாதங்களுக்கு நீக்கியிருந்தது. தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் எழுதிய ரசீது இல்லாமல் ஒரு குப்பியையும் வாங்காதீர்கள். போலி மருந்தென்று ஐயம் எழுந்தால், காலிக் குப்பியை எறியாமல் ரசீதோடு வைத்துக்கொண்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் செய்யுங்கள். மருந்தினால் தீங்கு நேர்ந்ததாகத் தோன்றினால், மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் நோயாளியே தெரிவிக்கலாம்.

கட்டணம் பெற்ற மருத்துவமனையில் தவறான வடிவமோ தவறான அளவோ ஏற்றப்பட்டுக் கேடு விளைந்திருந்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். அதற்குரிய காலம் இரண்டு ஆண்டுகள். எல்லாருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை பொதுவாக இச்சட்டத்திற்குள் வராது. அங்கே குறை இருந்தால் தலைமை மருத்துவ அதிகாரியிடமும் மருத்துவ கவுன்சிலிடமும் எழுத்தில் முறையிடவேண்டும். எந்த வழியாயினும், மருந்து ஏற்றிய தேதி, வடிவம், குப்பிகளின் எண்ணிக்கை, கிரியாட்டினின் அளவு ஆகியவற்றைச் சிகிச்சையின் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவாருங்கள்.