ஒரு லட்ச ரூபாய்ப் பங்கும் நானூறு ரூபாய்ப் பங்கும்

டயர் கம்பெனிப் பங்குகளில் எது வேகமாக ஏறுகிறது என்று தெரிய வேண்டும். ஸ்கேனரைத் திறந்து எம்ஏசிடி மதிப்பைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துகிறீர்கள். டயர் பங்குகள் எல்லாமே ஏறிக்கொண்டிருக்கும் காலமென்றால், பெரும்பாலும் சென்னையின் எம்ஆர்எஃப்தான் முதலில் வந்து நிற்கும். வேகத்தால் அல்ல, விலையால். 2023 ஜூனில் எம்ஆர்எஃப் பங்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அதே துறையைச் சேர்ந்த அப்பல்லோ டயர்ஸ் அப்போது சுமார் 400 ரூபாய்க்குக் கைமாறிக்கொண்டிருந்தது. இந்த இரண்டையும் ஒரே எம்ஏசிடி வரிசையில் நிறுத்தினால், கிடைப்பது விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் வரும் ஒன்றுதான்.

எம்ஏசிடியை 1970களின் பிற்பகுதியில் உருவாக்கியவர் ஜெரால்ட் ஆப்பெல். செய்முறை எளிது. கடைசி நாட்களின் விலைக்குக் கூடுதல் எடை கொடுக்கும் சராசரியை இஎம்ஏ என்பார்கள். 12 நாள் இஎம்ஏவிலிருந்து 26 நாள் இஎம்ஏவைக் கழித்தால் வருவது எம்ஏசிடி. அந்த எம்ஏசிடிக்கே 9 நாள் இஎம்ஏ எடுத்தால் அது சிக்னல் கோடு. இரண்டு சராசரிகளுமே ரூபாயில் இருப்பதால் கழித்து வரும் விடையும் ரூபாய்தான். சார்ட்டின் ஓரத்தில் வெறும் எண்ணாகத் தெரிவதால் பலர் இதைக் கவனிப்பதில்லை.

பிபிஓவில் கூடுதலாக இருப்பது ஒரே ஒரு வகுத்தல்:

```
MACD = EMA12 - EMA26
PPO  = (EMA12 - EMA26) / EMA26 * 100
```

கணக்குக்காக எண்களை வைத்துப் பார்ப்போம். எம்ஆர்எஃப்பின் 12 நாள் சராசரி 1,00,800, 26 நாள் சராசரி 1,00,000 என்று கொள்வோம். எம்ஏசிடி 800. அப்பல்லோவுக்கு 412, 400. எம்ஏசிடி 12. எண்ணூறுக்கும் பன்னிரண்டுக்கும் போட்டியே இல்லை என்று தோன்றும். இப்போது வகுத்துப் பாருங்கள். எம்ஆர்எஃப்பின் பிபிஓ 0.8, அப்பல்லோவின் பிபிஓ 3. வரிசை தலைகீழாகிவிட்டது.

இந்த 0.8, 3 என்ற எண்களுக்கு என்ன அர்த்தம்? பிபிஓ பற்றி எழுதுகிறவர்கள் அதிகம் சொல்லாத ஒரு கணக்கு இங்கே உதவும். விலை சீராக ஏறும்போது 12 நாள் இஎம்ஏ அதற்கு ஐந்தரை நாள் பின்தங்கி வரும். 26 நாள் இஎம்ஏ பன்னிரண்டரை நாள் பின்தங்கும். இரண்டுக்கும் இடையே ஏழு நாள். ஆகவே சீரான ஏற்றத்தில் எம்ஏசிடி என்பது ஒரு நாள் ஏற்றத்தைப் போல ஏழு மடங்கு ரூபாய்; பிபிஓ என்பது ஒரு நாள் ஏற்றத்தைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு சதவீதம். ஏழால் வகுத்தால் எம்ஆர்எஃப் நாளொன்றுக்கு சுமார் 114 ரூபாய் ஏறுகிறது. சதவீதத்தில் அது 0.11. அப்பல்லோ நாளொன்றுக்கு ரூபாய் 1.70 மட்டுமே, ஆனால் சதவீதத்தில் 0.43. கையில் ஒரு லட்சம் ரூபாய் வைத்திருப்பவருக்கு இரண்டாவது எண்தான் கணக்கு. விலை மேலும் கீழும் அலையும்போது இந்த ஏழு பொருந்தாது என்பதையும் மறக்க வேண்டாம்.

அப்படியானால் எம்ஏசிடியைத் தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம். ஒரே பங்கைச் சில வாரங்களுக்குப் பார்க்கிறவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே படம்தான். பூஜ்யக் கோட்டைக் கடக்கும் நாள் இரண்டிலும் ஒன்றேதான். இரண்டு சராசரிகளும் சமமானால் வித்தியாசம் பூஜ்யம், அதை எதால் வகுத்தாலும் பூஜ்யம். சிக்னல் கோட்டைக் கடக்கும் நாள் மட்டும் சில சமயம் மாறும், ஏனென்றால் வகுக்கும் எண்ணும் தினமும் நகர்கிறது. தினமும் சரியாக ஒரு ரூபாய் ஏறும் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். விலை 100 ஆனபோதும் 200 ஆனபோதும் எம்ஏசிடி 7தான். பிபிஓவோ 8இலிருந்து 3.7க்கு இறங்கிவிடும். முந்தையது வேகம் மாறவில்லை என்கிறது, பிந்தையது வேகம் பாதிக்கும் கீழே போய்விட்டது என்கிறது. இரண்டும் உண்மை, ஒன்று ரூபாயை அளக்கிறது, மற்றது வளர்ச்சியை.

ஒரே பங்கின் பல வருட சார்ட்டிலும் இதே சிக்கல் வரும். விலை பத்து மடங்கு ஏறிய பங்கின் பழைய வருடங்களில் எம்ஏசிடி கோடு தரையோடு தரையாகப் படுத்திருக்கும். அப்போது பங்கு தூங்கிக்கொண்டிருந்தது என்று நினைத்துவிடக்கூடாது. பங்குப் பிரிப்பு இன்னொரு இடறல். 2020 ஆகஸ்டில் ஐஷர் மோட்டார்ஸ் தன் 10 ரூபாய் முகமதிப்புப் பங்கை 1 ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்தது. இருபதாயிரத்தைத் தாண்டி நின்ற விலை இரண்டாயிரத்துச் சொச்சமானது. அதற்கு முன் 300 என்று குறித்து வைத்த எம்ஏசிடி, திருத்திய சார்ட்டில் 30 என்று நிற்கும். பிபிஓ அப்படியே இருக்கும். விலைகளைத் திருத்தாத சார்ட்டாக இருந்தால் இரண்டுமே பாதாளத்துக்குப் போகும்; அது விற்கச் சொல்லும் சிக்னல் அல்ல, தரவுக் கோளாறு.

சொந்தமாகக் கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. TA-Lib நூலகத்தின் PPO, நீங்கள் எதையும் மாற்றாவிட்டால், இஎம்ஏவுக்குப் பதிலாகச் சாதாரண சராசரியையே எடுத்துக்கொள்ளும். `matype=1` என்று கொடுத்தால்தான் இஎம்ஏ வரும். சார்ட்டில் ஒரு எண், நிரலில் வேறு எண் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

பிபிஓ விலை வித்தியாசத்தைத்தான் சமன் செய்கிறது; பங்கின் சுபாவத்தை அல்ல. தங்க ஈடிஎஃப் ஒன்றில் பிபிஓ 3 என்றால் அது பெரிய ஓட்டம். தினமும் நான்கைந்து சதவீதம் ஆடும் சிறு கம்பெனிப் பங்கில் அதே 3 சாதாரணம். அதனால் ஒவ்வொன்றின் பிபிஓவையும் அதன் சொந்த இரண்டு மூன்று வருட வரலாற்றோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் பக்கத்துப் பங்கைப் பார்க்க வேண்டும். விலைக்குப் பதிலாக, சராசரியாக ஒரு நாளில் விலை எவ்வளவு ஆடுகிறது என்ற ஏடிஆர் அளவால் எம்ஏசிடியை வகுப்பது இன்னொரு வழி. நம் கணக்கில் எம்ஆர்எஃப்பின் ஏடிஆர் 1,600, அப்பல்லோவின் ஏடிஆர் 10 என்று வைத்தால் விடைகள் 0.5, 1.2. அப்பல்லோதான் இப்போதும் முன்னால், ஆனால் கிட்டத்தட்ட நான்கு மடங்காக இருந்த இடைவெளி இரண்டரை மடங்குக்குக் குறைந்துவிட்டது.

வகுப்பதற்கு நல்ல எண் கிடைக்காத இடங்களும் உண்டு. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஃபியூச்சர்ஸ் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. நம் எம்சிஎக்ஸிலும் அந்த மாத ஒப்பந்தம் மைனஸ் 2,884 ரூபாயில் கணக்குத் தீர்க்கப்பட்டது. ஒரு நாள் சரிவு 26 நாள் சராசரியைப் பூஜ்யத்துக்குக் கீழே இழுத்துவிடாது. ஆனால் சராசரி சுருங்கச் சுருங்க பிபிஓ காரணமில்லாமல் ஊதிப்போகும். இரண்டு மாத ஒப்பந்தங்களின் விலை வித்தியாசத்தையே சார்ட்டாக வைத்து வர்த்தகம் செய்கிறவர்களுக்கோ பூஜ்யத்தைக் கடப்பது அன்றாடம். அங்கே எத்தனை சதவீதம் என்ற கேள்விக்கே பொருளில்லை. ரூபாயில் பேசும் எம்ஏசிடியைத்தான் பயன்படுத்தியாக வேண்டும்.