நான்கு பக்கத்தில் ஒரு வாராந்திர நிகழ்ச்சி

1942 ஜனவரியில் பிபிசி வானொலியில் ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. ஆளில்லாத தீவில் தனியாக ஒதுங்கிவிட்டால் எந்த எட்டு இசைத்தட்டுகளை உடன் வைத்துக்கொள்வீர்கள் என்று ஒரு பிரபலத்திடம் கேட்பார்கள். அவர் ஒவ்வொன்றாகச் சொல்வார், இடையிடையே தன் வாழ்க்கையைப் பேசுவார். ‘டெஸர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்’ என்ற அந்த நிகழ்ச்சியை உருவாக்கிய ராய் பிளோம்லி 1985-இல் காலமானார். அதன்பின் தொகுப்பாளர்கள் பலர் மாறினார்கள், நிகழ்ச்சி மட்டும் இன்னும் ஓடுகிறது. கடற்பறவைகளின் சத்தத்தோடு எரிக் கோட்ஸின் மெட்டு தொடங்கும். எட்டுப் பாடல்கள் வரும். கடைசியில் ஒரு புத்தகமும் ஓர் ஆடம்பரப் பொருளும் கேட்பார்கள். ஷேக்ஸ்பியரின் நூல்களும் பைபிளும் (அல்லது விருந்தினரின் நம்பிக்கைக்கேற்ற வேறொரு நூலும்) ஏற்கெனவே தீவில் இருக்கும் என்பது விதி. அதனால் விருந்தினர் வேறு புத்தகத்தைத் தேட வேண்டியிருக்கிறது. ஆடம்பரப் பொருள் உயிரற்றதாகவும் தீவிலிருந்து தப்பிக்க உதவாததாகவும் இருக்க வேண்டும். இந்தச் சின்ன விதிகள்தான் ஒவ்வொரு விருந்தினரையும் மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுகின்றன.

தொடர் நிகழ்ச்சி நடத்துபவர்கள் இத்தகைய விதிகளைத் தாளில் எழுதி வைப்பார்கள். தொலைக்காட்சித் தொழிலில் இதற்கு ‘பைபிள்’ என்றே பெயர். பிரிட்டனில் பிறந்த கோடீஸ்வர வினாடி வினா, 2012-இல் விஜய் தொலைக்காட்சியில் ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’யாக வந்தபோதும் அதே பதற்றத்தைத் தந்ததற்கு இப்படிப்பட்ட ஆவணமே அடித்தளம். ஆனால் இது பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமான சங்கதி அல்ல. சமுதாய வானொலி, கல்லூரி இதழ், மூன்று பேர் சேர்ந்து நடத்தும் பாட்காஸ்ட் ஆகியவற்றுக்குத்தான் இது கூடுதலாகத் தேவை, ஏனென்றால் அங்கேதான் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். சமுதாய வானொலியில் வாரம் ஒருமுறை வரும் நிகழ்ச்சி. பெயர் ‘கைவேலை’ என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வாரமும் ஒரு தொழிலாளி தன் வேலையைப் பற்றிப் பேசுவார். தாளின் முதல் வரியில் நிகழ்ச்சி எதைப் பற்றியது, எதைப் பற்றியதல்ல என்று இருக்க வேண்டும்: “ஒரு வேலை எப்படி நடக்கிறது என்பதை அதைச் செய்பவரே சொல்வது. அவருடைய துயரக் கதை அல்ல.” இந்த இரண்டாம் வாக்கியம் இல்லாவிட்டால், பத்தாவது வாரத்துக்குள் நிகழ்ச்சி இரக்கப் பேட்டியாகிவிடும்.

அடுத்து நேரம். நிலையம் தருவது 15 நிமிடம். நிலைய அறிவிப்புக்கு அரை நிமிடம் போனால் நம் கையில் 14 நிமிடம் 30 விநாடி. தொடக்க உரைக்கு 40 விநாடி. பிறகு அந்த வேலையின் சத்தம் மட்டும், விளக்கமே இல்லாமல், 30 விநாடி. பேட்டி 8 நிமிடம். ஒரு பொருளின் விலை எப்படி அமைகிறது என்று கணக்குப் போடும் ‘விலை என்ன?’ பகுதி 2 நிமிடம். நேயர் கேள்வி 2 நிமிடம். நிறைவு உரை 40 விநாடி. கூட்டினால் 13 நிமிடம் 50 விநாடி. மிச்சமுள்ள 40 விநாடியை எதற்கும் ஒதுக்கக் கூடாது. பேசும்போது தயங்குவார்கள், சிரிப்பார்கள். அதற்கு இடம் வேண்டும்.

இந்த நேரக் கணக்கோடு இன்னொரு வரியும் தேவை: நேரம் மீறினால் எதை வெட்டுவது? ‘கைவேலை’யில் முதலில் போவது நேயர் கேள்வி. சத்தப் பகுதியில் கை வைக்கக் கூடாது. இதை எழுதி வைக்காவிட்டால், எடிட் செய்பவர் நள்ளிரவில் எதை வெட்டுவது எளிதோ அதை வெட்டுவார். அது பெரும்பாலும் பேச்சே இல்லாத அந்த 30 விநாடியாகத்தான் இருக்கும். நிகழ்ச்சியின் அடையாளமே அதுதான்.

எழுத்துப் பிரதியின் நீளத்தைச் சொல்லும்போது ஆங்கிலக் கையேடுகளில் வரும் ‘நிமிடத்துக்கு 150 சொல்’ என்ற கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். தமிழில் வேற்றுமை உருபும் காலமும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் சொற்கள் நீளமானவை; அதே நேரத்தில் குறைவான சொற்களே பேச முடியும். உங்கள் தொகுப்பாளரை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி, கடிகாரம் பார்த்து, கிடைக்கும் எண்ணைத் தாளில் எழுதுங்கள்.

தொடக்க உரையை வார்த்தை மாறாமல் தர வேண்டும், மாறும் இடங்களைக் கோடிட்டு விட வேண்டும்: “வணக்கம், இது ‘கைவேலை’. இன்னைக்கு நம்மோட இருக்கிறவர் ______. ______ ஊர்ல ______ வேலை பாக்குறார். முதல்ல அந்த வேலையோட சத்தத்தைக் கேளுங்க.” இவ்வளவுதான். பல நிகழ்ச்சிகள் சீர்கெடுவது இந்த இடத்தில்தான். ஒரு வாரம் நன்றி ஒன்று சேரும், அடுத்த வாரம் பருவநிலை பற்றி ஒரு வரி, பிறகு சென்ற வார நினைவூட்டல். சில மாதங்களில் 40 விநாடி இரண்டு நிமிடமாகியிருக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது. ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒவ்வொரு பகுதியும் உண்மையில் எவ்வளவு ஓடியது என்று ஒரு அட்டவணையில் குறித்து வந்தால், வீக்கம் எங்கே என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

தொனி விதிகளை எழுதுவதுதான் கடினம். ‘இயல்பாகவும் மரியாதையாகவும் பேச வேண்டும்’ என்று எழுதினால் எந்தப் பயனும் இல்லை. தான் அப்படித்தான் பேசுகிறோம் என்று எல்லோரும் நினைப்பார்கள். பெயரடைக்குப் பதிலாக எடுத்துக்காட்டு ஜோடிகள் வேண்டும். “இந்த வேலை ரொம்பக் கஷ்டமா இருக்குமே?” என்று கேட்கக் கூடாது; “ஒரு நாளைக்கு எத்தனை பானை வனைவீங்க? கை எப்போ வலிக்க ஆரம்பிக்கும்?” என்று கேட்க வேண்டும், அதுவும் ஒன்றன்பின் ஒன்றாக. முதல் கேள்விக்கு “ஆமாங்க” என்ற ஒற்றைப் பதில்தான் வரும். இரண்டாவது வகைக் கேள்விக்கு மண்ணின் பதமும் சக்கரத்தின் வேகமும் பதிலில் வந்து சேரும். வயது எதுவானாலும் விருந்தினர் ‘நீங்க’தான், ‘அந்தக் காலத்துல’ என்று தொகுப்பாளர் தொடங்கக் கூடாது, தொழிற்சொல் வந்தால் விருந்தினரையே விளக்கச் சொல்ல வேண்டும். இப்படி ஏழெட்டு விதிகள் போதும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் காரணம் ஒரு வரியில் இருக்கட்டும். காரணம் தெரிந்தவர்தான் எப்போது விதியை மீறலாம் என்று முடிவெடுக்க முடியும். சத்தமே இல்லாத வேலை செய்பவர், உதாரணத்துக்கு ஒரு பூக்கட்டுபவர், வந்தால் என்ன செய்வது? சத்தப் பகுதி ஏன் இருக்கிறது என்று தெரிந்திருந்தால், அவர் உட்காரும் சந்தையின் இரைச்சலைப் பதிவு செய்துகொண்டு வருவார்.

இந்தத் தாளை நிகழ்ச்சி தொடங்கும் முன்பே முழுதாக எழுத முயலாதீர்கள். மூன்று நான்கு நிகழ்ச்சிகளைச் செய்த பிறகுதான் எது உண்மையில் நிலையானது என்று தெரியும். எழுதியதும், இதுவரை நிகழ்ச்சியைக் கேட்டே இராத ஒருவரிடம் கொடுத்து ஒரு நிகழ்ச்சியைத் தயாரிக்கச் சொல்லுங்கள். அவர் சந்தேகம் கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் தாளில் ஒரு வரி குறைகிறது. அவர் படிக்காமல் தாண்டிய இடத்தில் பல வரிகள் மிகுதி.

விதிகளை மாற்றும் உரிமை ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். மாற்றிய தேதியை மேலே எழுதுங்கள், பழைய தாளைக் கிழித்துவிடுங்கள். ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு தாள்கள் சுற்றினால் தாளே இல்லாததைவிட மோசம். டெஸர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸிலும் புத்தகமும் ஆடம்பரப் பொருளும் முதல் நாளிலேயே இருந்தவை அல்ல. அவை 1951-இல்தான் சேர்க்கப்பட்டன.