பசு நடந்தால் எந்தக் கால் முதலில்?

கார்ட்டூன் பசுவை நடக்கவிடும்போது பலர் செய்யும் தவறு, இடது முன்னங்காலையும் வலது பின்னங்காலையும் ஒன்றாகத் தூக்குவது. அது நடை இல்லை, மெல்லோட்டம். நிஜப் பசு இடது பின், இடது முன், வலது பின், வலது முன் என்று ஒவ்வொரு காலாக ஊன்றும். ஒரு சுற்றுக்கு 32 படங்கள் என்றால், இடது பின்னங்கால் 1-ல் ஊன்ற, மற்றவை 9, 17, 25-ல் ஊன்றும்.

வரிசை சரி, ஆனாலும் பசு மிதக்கிறதா? எடை மாறவில்லை. பின்னங்காலைத் தூக்கும் முன் உடல் எதிர்ப்பக்கம் சற்றே நகர வேண்டும். ஊன்றிய பக்கம் இடுப்பெலும்பு ஏறும், தூக்கிய பக்கம் இறங்கும். பசுவுக்குப் பின்னால் நடந்தால் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

வரைந்ததை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். மூன்று கால் தரையில் நிற்கும் படமே வரவில்லையென்றால், உங்கள் பசு ஓடிக்கொண்டிருக்கிறது!