பதின்மூன்றுக்குப் பதின்மூன்று

கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் வந்த 79 பெண்களின் பதிவுகள் புள்ளியியல் வகுப்புகளில் அடிக்கடி எடுத்தாளப்படும். வியன்னாவைச் சேர்ந்த ஹைன்ஸ, ஷெம்பர் இருவரும் 2002-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை அதைப் பிரபலமாக்கியது. 79 பேரில் 30 பேருக்குப் புற்று தீவிர நிலையில் இருந்தது. மற்ற 49 பேருக்கு அவ்வளவாக முற்றவில்லை. எந்த அறிகுறி தீவிரத்தோடு சேர்ந்து வருகிறது என்பதுதான் கேள்வி. மூன்று அளவுகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் ஒன்று, கட்டியில் புதிய ரத்தக் குழாய்கள் முளைத்திருக்கின்றனவா என்பது.

இப்படி 'ஆம், இல்லை' என்று முடியும் கேள்விகளுக்கு லாஜிஸ்டிக் ரிக்ரெஷன்தான் வழக்கமான கருவி. ஒவ்வோர் அறிகுறிக்கும் அது ஓர் எடை போடும். எடைகளைக் கூட்டினால் நோயாளிக்கு ஒரு மதிப்பெண் கிடைக்கும். மதிப்பெண் 0 என்றால் தீவிர நிலைக்கு வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஏற ஏற வாய்ப்பு 1-ஐ நெருங்கும், ஆனால் தொடாது. இந்த 'தொடாது' என்பதில்தான் வினையே இருக்கிறது.

ஆர் மென்பொருளில் இந்தத் தரவைப் போட்டால், ரத்தக் குழாய்க்கான எடை 18.19 என்று வருகிறது. அதன் திட்டப்பிழையோ 1715.75. நூறு ரூபாய்ப் பொருளுக்கு விலை சொல்லிவிட்டு, பத்தாயிரம் ரூபாய் முன்னே பின்னே இருக்கலாம் என்பது போன்ற கணக்கு இது. பக்கத்திலேயே p-மதிப்பு 0.99. அதாவது, இந்த அறிகுறியால் ஒரு பயனும் இல்லையாம்.

இப்போது மென்பொருளை மூடிவிட்டு ஒரு சின்ன அட்டவணை போடுவோம். புதிய ரத்தக் குழாய்கள் இருந்தவர்கள் 13 பேர். பதின்மூன்று பேருக்குமே தீவிர நிலை. இல்லாதவர்கள் 66 பேர். அவர்களில் 17 பேருக்குத் தீவிரம், 49 பேருக்கு இல்லை. 79 பேரில் கண்ணை மூடிக்கொண்டு 13 பேரைப் பொறுக்கினால், அத்தனை பேரும் அந்த 30-க்குள் விழ 20 லட்சத்தில் ஒரு வாய்ப்புகூடக் கிடையாது. கையில் இருப்பதிலேயே வலுவான அறிகுறியைத்தான் மென்பொருள் பயனற்றது என்கிறது.

ஏன்? அந்தப் பதின்மூன்று பேருக்கு மதிப்பெண் 2 என்று வைத்தால், பதின்மூன்றும் தீவிரமாக அமைவதற்கான நிகழ்தகவு 0.19. மதிப்பெண்ணை 5 ஆக்கினால் 0.92. 10 ஆக்கினால் 0.9994. எவ்வளவு ஏற்றினாலும் தரவோடு இன்னும் சற்றுக் கூடுதலாகப் பொருந்தும். இறக்கத்துக்கு இழுக்க எதிர்த் தரப்பில் ஒரே ஒரு நோயாளிகூட இல்லை. உச்சியே இல்லாத மலையில் ஏறச் சொன்னால் கணினி என்ன செய்யும்? முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாத அளவு குறைந்ததும் நின்றுவிடும். 18.19 என்பது கால் ஓய்ந்து நின்ற இடம், அவ்வளவுதான். நிறுத்தும் விதியை மாற்றினால் அந்த எண்ணும் மாறும். அந்த உயரத்தில் தரை தட்டையாக இருப்பதால் எந்த எண்ணும் மற்றொன்றைவிடத் தாழ்வில்லை. திட்டப்பிழை ஆயிரங்களுக்குப் போவது அதனால்தான். p-மதிப்பு அந்தப் பிழையால் வகுத்து வருவது, ஆகவே அதுவும் கெட்டுப்போகிறது. மென்பொருள் ஓர் எச்சரிக்கை தரலாம், தராமலும் போகலாம்.

இதற்குப் பலர் செய்யும் வைத்தியம், அந்த அறிகுறியையே தூக்கி எறிவது. வகுப்பில் முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளையை வெளியே அனுப்புவது போலத்தான்.

நல்ல வைத்தியம், டேவிட் ஃபர்த் 1993-இல் சொன்ன திருத்தம். அவர் இந்தச் சிக்கலுக்காக அதைச் செய்யவில்லை. சிறு தரவுகளில் எடைகள் கொஞ்சம் மிகையாக வருவதைச் சரிசெய்யப் பார்த்தார். அதை இங்கே பொருத்திக் காட்டியவர்கள் வியன்னாக்காரர்கள். நம் அட்டவணை போல ஒரே அறிகுறி என்றால், திருத்தம் மிக எளிது: நான்கு கட்டங்களிலும் அரை ஆளைச் சேர்த்தால் போதும். 13 என்பது 13.5 ஆகும், 0 என்பது 0.5 ஆகும். அந்த அரை ஆள்தான் மலைக்கு ஓர் உச்சியைத் தருகிறார். அறிகுறிகள் பல இருந்தால் கணக்கு நீளும். அதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்:

```
library(logistf)
data("endometrial", package = "brglm2")
logistf(HG ~ NV + PI + EH, data = endometrial)
```

இப்போது எடை 2.93. நம்பகமான எல்லை ஏறத்தாழ 0.61 முதல் 7.85 வரை. அகலமான எல்லைதான், பதின்மூன்று பேரை வைத்து அதற்குமேல் துல்லியம் கேட்க முடியாது. ஆனால் அது முழுக்கச் சுழியத்துக்கு மேலேயே இருக்கிறது. வேறு வழிகளும் உண்டு: எடைகள் அளவுமீறிப் பெரிதாக வராது என்ற முன்னறிவைக் கணக்கில் சேர்க்கும் பேய்ஸ் முறை அவற்றில் ஒன்று.

ஃபர்த் திருத்தத்துக்கு ஒரு விலை உண்டு. அது கணிப்புகளைச் சற்றுப் பாதியை நோக்கி இழுக்கும். தீவிர நிலை அரிதாக வரும் நோய் என்றால், அபாயம் சராசரியாகக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். அறிகுறியின் வலுவை அறிய அதைப் பயன்படுத்தலாம். நோயாளியிடம் சதவீதம் சொல்ல அப்படியே பயன்படுத்தக் கூடாது.

உங்கள் கணக்கில் திட்டப்பிழை நூறு, ஆயிரம் என்று வந்தால், மருந்தைத் தேடுமுன் அட்டவணை போட்டு சுழியம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சில சமயம் அந்த 'அறிகுறி' நோய் தெரிந்த பிறகு எழுதப்பட்ட பதிவாகவே இருக்கும். அதற்கு ஃபர்த்தும் உதவ மாட்டார்.