எல்லாமே பச்சை... ஆனா நஷ்டம் 1,200 கோடி டாலர்! 'தர்பூசணி ரிப்போர்ட்' என்றால் என்ன?

சென்னை அருகே மறைமலை நகரில் கார் தயாரித்த ஃபோர்டு கம்பெனியை நமக்கெல்லாம் தெரியும். 2006-ல் அமெரிக்காவில் அதன் நிலைமை படுமோசம். அந்த ஒரே ஆண்டில் 1,200 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். போயிங் நிறுவனத்தில் இருந்த ஆலன் முலாலியைத் தலைமைச் செயல் அதிகாரியாகக் கொண்டு வந்தார்கள்.

அவர் வந்ததும் வாரா வாரம் வியாழக்கிழமை ஒரு மீட்டிங் வைத்தார். ஒவ்வொரு அதிகாரியும் தன் வேலை எப்படிப் போகிறது என்று சார்ட்டில் காட்ட வேண்டும். சரியாகப் போனால் பச்சை, சிக்கல் எட்டிப் பார்த்தால் மஞ்சள், சிக்கிக்கொண்டால் சிவப்பு. சிக்னல் விளக்கு மாதிரிதான்.

ஆரம்ப வாரங்களில் வந்த சார்ட் எல்லாமே பச்சை. கம்பெனி மூழ்கிக்கொண்டு இருக்கு, ஆனா ஒரு அதிகாரிக்குக்கூட பிரச்சினை இல்லையாம்! முலாலி இதை நேரடியாகவே கேட்டார்.

முதல் சிவப்பைக் காட்டியவர்

அப்போது அமெரிக்கப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மார்க் ஃபீல்ட்ஸ். 'எட்ஜ்' என்ற புது காரை வெளியிட வேண்டிய நேரத்தில் அதில் ஒரு கோளாறு தெரிந்தது. காரணம் பிடிபடவில்லை. அனுப்புவதை நிறுத்திவிட்டு, அடுத்த மீட்டிங்கில் அந்த காருக்கு நேராக சிவப்பு போட்டுக்கொண்டு வந்தார். வேலை போயிடும் என்றுதான் அறையில் இருந்தவர்கள் நினைத்தார்கள்.

முலாலி கைதட்டினார். இதைச் சரிசெய்ய யார் உதவ முடியும் என்று கேட்டார். மற்ற பிரிவுகளில் இருந்து ஆள், அனுபவம் எல்லாம் உதவிக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் மற்றவர்களின் சார்ட்டிலும் மஞ்சளும் சிவப்பும் தலைகாட்டின. அந்த ஃபீல்ட்ஸ்தான் 2014-ல் முலாலி ஓய்வு பெற்றதும் கம்பெனியின் தலைமைச் செயல் அதிகாரி பதவிக்கு வந்தார்.

வெளியே பச்சை, வெட்டிப் பார்த்தா உள்ளே சிவப்பு. இப்படிப்பட்ட ரிப்போர்ட்டை இந்தத் துறையில் 'தர்பூசணி' என்றே சொல்வார்கள்.

சரி, எந்த நிறத்தை எப்போ போடணும்?

பலரும் நினைப்பது, லேட் ஆகலைன்னா பச்சை, லேட் ஆயிட்டா சிவப்பு என்று. குழப்பமே இங்கேதான் ஆரம்பிக்குது. நடைமுறைக்கு உதவும் அர்த்தம் இதுதான்.

பச்சை: திட்டப்படி போகிறது, யாருடைய உதவியும் தேவையில்லை.

மஞ்சள்: சறுக்கிவிட்டது, அல்லது சறுக்கப்போகிறது. ஆனா எங்க டீமே சரிசெய்துவிடும். எப்படி, எந்தத் தேதிக்குள் என்பதும் எங்களிடம் இருக்கிறது.

சிவப்பு: எங்க கையில் இல்லை. மேலே இருப்பவர் ஒரு முடிவு எடுக்காமல் இது நகராது.

அதாவது நிறம் என்பது டீமுக்குப் போடும் மார்க் இல்லை. யார் கையில் பந்து இருக்கு என்று காட்டும் அடையாளம்.

ஒரு உதாரணம் பார்க்கலாம்

ஒரு நகராட்சியில் பஸ் ஸ்டாண்ட் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பு 10 கோடி ரூபாய், காலம் 12 மாதம். ஜனவரியில் வேலை ஆரம்பம். இன்று ஜூன் 30. ரிப்போர்ட் எழுத வேண்டிய நாள்.

அஸ்திவாரமும் தூண்களும் சொன்ன தேதியில் முடிந்துவிட்டன. ஆகஸ்ட் 1-ல் கூரை கான்கிரீட் ஆரம்பிக்கணும். ஆனா இடத்துக்கு மேலே ஒரு உயர் மின்னழுத்த லைன் போகுது. அதை மாற்றினால்தான் கூரை வேலை. அதற்கு 18 லட்சம் கட்டணும். பணம் கட்டிய பிறகு 4 வாரம் ஆகும். எதிர்பாராச் செலவுக்கு என்று ஒதுக்கிய 25 லட்சம் அப்படியே இருக்கு. ஆனா அதை எடுக்க ஆணையரின் கையெழுத்து வேண்டும். ஃபைல் அவர் மேஜையில்.

இப்போ என்ன நிறம்? ஒரு நாள்கூட லேட் ஆகவில்லையே, பச்சை போடலாமே என்று தோன்றும். பலரும் அப்படித்தான் போடுவார்கள். ஆனா மேலே சொன்ன கணக்குப்படி இது சிவப்பு. லைனை மாற்றுவது சைட் இன்ஜினியர் கையில் இல்லை. ஜூலை 3-க்குள் பணம் கட்டினால்தான் ஜூலை 31-க்குள் லைன் நகரும். இன்று பச்சை போட்டால், ஆகஸ்ட் முதல் வாரத்தில் திடீரென்று சிவப்பு வரும். அப்போது எந்த முடிவு எடுத்தாலும் 4 வாரம் போனது போனதுதான். இப்படியே தள்ளிப்போய் அக்டோபர் வந்தால், வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ரிஸ்க்கை எப்படி எழுதணும்?

'மின் லைன் பிரச்சினை உள்ளது' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. காரணம், நடக்கப்போவது, அதன் விளைவு மூன்றும் வேண்டும். 'பணம் கட்டாததால் லைன் மாற்றும் வேலை ஆரம்பிக்கவில்லை. ஜூலை 3 தாண்டினால் தாமதமாகும் ஒவ்வொரு வாரத்துக்கும் கூரை ஒரு வாரம் தள்ளும். 8 வாரம் தள்ளினால் மழைக்காலத்தில் மாட்டும்' என்று எழுதினால் நிலைமை கண்முன் நிற்கும்.

முக்கியமான பகுதி: என்ன முடிவு வேண்டும்?

சிவப்பு போட்டுவிட்டு 'ஆவன செய்யவும்' என்று முடித்தால் அந்த சிவப்பால் பயனில்லை. நம்ம உதாரணத்தில் இப்படி வரணும்:

'எதிர்பாராச் செலவு நிதியில் இருந்து 18 லட்சம் எடுக்க ஆணையர் ஜூலை 3-க்குள் ஒப்புதல் தர வேண்டும். தந்தால் மீதி 7 லட்சம். கடைசித் தேதி மாறாது. இல்லையென்றால், லைன் போகாத மேற்குப் பகுதிக் கூரையை முதலில் போடலாம். அதில் 2 வாரம் மட்டுமே சமாளிக்க முடியும். முதல் வழியைப் பரிந்துரைக்கிறோம்.'

யார், எதை, எந்தத் தேதிக்குள், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பது நாலு வரியில் முடிந்தது. கையெழுத்து விழுந்து, பணம் கட்டியாச்சுன்னா அடுத்த வார ரிப்போர்ட்டில் இது மஞ்சள். லைன் நகர்ந்துவிட்டால் பச்சை. செலவு வரிசை மட்டும் மஞ்சளிலேயே இருக்கும். ஏன்னா இன்னும் 6 மாத வேலைக்கு கையில் மிச்சம் 7 லட்சம்தான்.

தர்பூசணியைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதல் அறிகுறி, பச்சையில் இருந்து மஞ்சளைத் தொடாமலே சிவப்புக்குத் தாவுவது. விபத்து, வெள்ளம் மாதிரி காரணம் இருந்தால் சரி. இல்லையென்றால் யாரோ முன்பே தெரிந்தும் மறைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, '90 சதவீதம் முடிந்தது' என்பது நாலைந்து வாரமாக அப்படியே நிற்பது. சதவீதத்தை விட்டுவிட்டு, மிச்சம் என்னென்ன வேலை, எத்தனை நாள் என்று கேட்டால் உண்மை வெளியே வரும்.

மூன்றாவது, சத்தமில்லாமல் தேதியை மாற்றுவது. ஜூலை இலக்கை செப்டம்பர் என்று திருத்திவிட்டால் சிவப்பு ஒரே நாளில் பச்சையாகிவிடும். அதனால் புதுத் தேதிக்குப் பக்கத்திலேயே முதலில் சொன்ன தேதியும் இருக்கணும்.

இன்னொரு சின்ன விஷயம். கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்தால் நிறங்களைப் பிரித்தறிவது கஷ்டம். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்களும் இருக்கிறார்கள். நிறத்தோடு அதன் பெயரையும் எழுத்தில் போட்டுவிடுங்கள்.

ஃபீல்ட்ஸ் காட்டிய சிவப்பு கோளாறைச் சரிசெய்யவில்லை. சரிசெய்யக்கூடியவர்கள் கண்ணில் அது பட்டது, அவ்வளவுதான். ஆணையர் மேஜையில் இருக்கும் அந்த ஃபைலுக்கும் அதேதான் தேவை. ஜூலை 3-க்கு முன்னாடி!