கூடுதல் வாரண்டி: பில் போடுமுன் ஒரு கணக்கு

வாஷிங் மெஷினுக்குப் பில் போடும் நேரத்தில்தான் அந்தப் பேச்சு வரும். "சார், இன்னும் 4,500 கட்டிட்டீங்கன்னா மூணு வருஷம் எக்ஸ்டெண்டட் வாரண்டி. ஒரு போர்டு போனாலே எட்டாயிரம் ஆயிடும்." போர்டு விலை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது போவதற்கு எவ்வளவு வாய்ப்பு, போனால் எந்த ஆண்டில் போகும் என்ற இரண்டையும் விற்பனையாளர் சொல்வதில்லை. அந்த இரண்டும் தெரியாமல் 4,500 மலிவா, அதிகமா என்று சொல்ல முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். மெஷினின் விலை 32,000. கம்பெனி வாரண்டி 2 ஆண்டு. கூடுதல் வாரண்டி 3, 4, 5ஆம் ஆண்டுகளுக்கு. பணத்தை இன்றே கட்டுகிறோம். பாதுகாப்போ இரண்டு ஆண்டு கழித்துத்தான் தொடங்குகிறது. அதே 4,500ஐ 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டிருந்தால் அதற்குள் 5,152 ஆகியிருக்கும். ஆகவே இன்றைய ரூபாயை நான்காண்டு கழித்து வரும் ரிப்பேர் ரூபாயோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. வரப்போகும் செலவை இன்றைய மதிப்புக்கு இறக்கிக்கொள்ள வேண்டும்.

முதலில் எதிர்பார்க்கும் செலவு. ஒரு ரிப்பேருக்குச் சராசரியாக 5,000 என்று வைப்போம். டிரெயின் பம்ப் போனால் இதைவிடக் குறையும், போர்டு போனால் கூடும். ரிப்பேர் வரும் வாய்ப்பு மூன்றாம் ஆண்டில் 10 சதவீதம், நான்கில் 15, ஐந்தில் 20 என்று கொள்வோம். வாய்ப்பைச் செலவால் பெருக்கினால் 500, 750, 1,000. மொத்தம் 2,250 ரூபாய்.

அடுத்து இன்றைய மதிப்பு. மூன்றாம் ஆண்டு முடிவில் 500 ரூபாய் தேவை என்றால் இன்று 408 ரூபாயை 7 சதவீத வட்டிக்குப் போட்டால் போதும், 500ஐ 1.07ஆல் மூன்று முறை வகுத்தால் வருவது அது. இப்படியே 750 ரூபாய் 572 ஆகிறது, 1,000 ரூபாய் 713 ஆகிறது. கூட்டினால் 1,693. கடை கேட்பது 4,500.

"ரிப்பேர் கூலியும் ஸ்பேர் விலையும் ஏறாதா?" என்று கேட்கலாம். ஏறும். வட்டிக்குச் சமமாக ஆண்டுக்கு 7 சதவீதம் ஏறினால்கூட இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். இன்றைய மதிப்பு பழைய 2,250லேயே நிற்கும். அதுவும் வாரண்டி விலையில் பாதிதான். கிரெடிட் கார்டு பாக்கி வைத்திருப்பவருக்கு நிலைமை வேறு. ஆண்டுக்கு 36 சதவீத வட்டி கட்டுபவர் கையிலுள்ள ரூபாயால் கடனை அடைப்பதே லாபம். அந்த வட்டியில் கணக்கிட்டால் அவருக்கு இந்த வாரண்டியின் மதிப்பு சுமார் 630 ரூபாய்தான்.

இந்தக் கணக்கில் பலவீனமான இடம், நாம் ஊகித்த வாய்ப்பு. அதனால் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும்: 4,500 கட்டுவது நியாயமாக எத்தனை ரிப்பேர் வர வேண்டும்? மேலே சொன்ன 5,000 ரூபாய்ச் செலவின்படி, இந்த மாதிரி மெஷின் வாங்கிய நூறு பேரிடம் மூன்று ஆண்டில் சுமார் 120 ரிப்பேர் வர வேண்டும். நாம் ஊகித்தது 45. அந்தக் கம்பெனி மெஷின்களைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் விசாரித்தால் உண்மை எந்தப் பக்கம் என்பது ஓரளவு தெரிந்துவிடும். உப்புத்தண்ணீரும் அடிக்கடி வோல்டேஜ் ஏறி இறங்கும் மின்சாரமும் உள்ள வீடாக இருந்தால் ஊகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் மின்னழுத்தத்தால் வரும் சேதத்தை வாரண்டி ஏற்கிறதா என்று முதலில் தாளில் பார்க்க வேண்டும்.

தாளில் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு. மோட்டாருக்குப் பல கம்பெனிகள் தனியாக நீண்ட வாரண்டி தருகின்றன. அது ஏற்கெனவே இருந்தால் மோட்டார் செலவை நம் கணக்கில் சேர்க்கக் கூடாது. ரப்பர் கேஸ்கெட், ஹோஸ் போன்றவை விலக்கு என்றிருந்தால் அவற்றையும் கழிக்க வேண்டும். கழிக்கக் கழிக்க 1,693 இன்னும் இறங்கும்.

துரதிர்ஷ்டமாக மூன்றாம் ஆண்டிலேயே 8,000 ரூபாய் போர்டு போனால்? அதன் இன்றைய மதிப்பு 6,530. வாரண்டி வாங்கியவர் அங்கே ஜெயிப்பார். அந்த எட்டாயிரத்தைத் திடீரெனப் புரட்ட முடியாத வீட்டில், எதிர்பார்க்கும் செலவைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டுவதில் தவறில்லை. மருத்துவக் காப்பீட்டில் நாம் செய்வதும் அதுதான். அங்கே தாங்க முடியாத இழப்பு லட்சங்களில் இருக்கிறது. எட்டாயிரத்தைச் சமாளிக்கக்கூடியவர் 4,500ஐ வங்கியில் போட்டு வைக்கலாம். விற்பனையாளர் விலையைக் குறைக்கத் தயாராக இருந்தால், 1,700ஐ ஒட்டி இறங்கும்போது வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.