சந்தி பிடிபட்டால் சுற்று பிடிபடும்

இயற்பியல் வினாத்தாளில் ஒரு மின்சுற்றுப் படம். மின்கல அடுக்கு ஒன்று, மின்தடைகள் மூன்று, ஓர் அம்மீட்டர், ஒரு வோல்ட்மீட்டர், ஒரு சாவி. தடைகளின் மதிப்பு 2 ஓம், 6 ஓம், 3 ஓம். மின்கல அடுக்கு தருவது 6 வோல்ட். அம்மீட்டர் என்ன காட்டும் என்பது கேள்வி.

மூன்று தடைகளையும் கூட்டி 11 ஓம் என்று எழுதி, 6-ஐ 11-ஆல் வகுத்துவிட்டு வருகிற பிள்ளைகள் நிறையப் பேர். ஓம் விதி அவர்களுக்கு மனப்பாடம். வகுத்தலிலும் பிழை இல்லை. படத்தைப் படித்த விதத்தில்தான் பிழை. மின்சுற்றுக் கணக்கில் மதிப்பெண் போகிற இடம் பெரும்பாலும் இதுதான். ஆகவே இந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நிதானமாகப் படித்துப் பார்ப்போம்.

குறியீடுகள் சொல்வது என்ன?

நீளமான கோடு ஒன்றும் குட்டையான கோடு ஒன்றும் அருகருகே நின்றால் அது ஒரு மின்கலம். நீளக் கோடு நேர்முனை, குட்டைக் கோடு எதிர்முனை. நம் படத்தில் இந்த இணை நான்கு முறை வரிசையாக வருகிறது. 1.5 வோல்ட் கலங்கள் நான்கு, ஒன்றன் நேர்முனை அடுத்ததன் எதிர்முனையைத் தொட்டபடி நிற்கின்றன. அதனால்தான் மொத்தம் 6 வோல்ட். மின்னோட்டம் நீளக் கோட்டிலிருந்து புறப்பட்டுச் சுற்றை வலம் வந்து குட்டைக் கோட்டை அடைவதாகக் கொள்வது மரபு. எலக்ட்ரான்கள் இதற்கு எதிர்த்திசையில் நகர்கின்றன என்றாலும், கணக்கு மரபுத் திசையிலேயே போகும்.

வளைந்து வளைந்து பல் போல இருக்கும் கோடு மின்தடை. சில நூல்களில் அதையே சிறு செவ்வகமாக வரைவார்கள். இரண்டும் ஒன்றுதான். வட்டத்துக்குள் A இருந்தால் அம்மீட்டர், V இருந்தால் வோல்ட்மீட்டர்.

இந்த இரண்டு மீட்டர்களும்தான் கண்ணைக் குழப்புபவை. வோல்ட்மீட்டரை இன்னொரு மின்பாதை என்று எண்ணிக் கணக்கில் சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு. நல்ல அம்மீட்டரின் தடை மிக மிகக் குறைவு. நல்ல வோல்ட்மீட்டரின் தடை மிக மிக அதிகம். எனவே கணக்குப் போடும்போது அம்மீட்டரை வெறும் கம்பியாக எண்ணுங்கள். வோல்ட்மீட்டரைப் படத்திலிருந்து அழித்துவிடுங்கள். அது எந்த இரு புள்ளிகளைத் தொட்டிருந்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

விரலை வைத்து நடங்கள்

இனி நீளக் கோட்டில் விரலை வைத்துக் கம்பி வழியே நகருங்கள். முதலில் அம்மீட்டர், பிறகு 2 ஓம் தடை. அதைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. பிரியும் இடத்தில் கறுப்புப் புள்ளி ஒன்று இருக்கும். அதுதான் சந்தி. ஒரு கிளையில் 6 ஓம் தடை. மறு கிளையில் 3 ஓம் தடையும் சாவியும். இரு கிளைகளும் இன்னொரு சந்தியில் கூடி, ஒரே கம்பியாகக் குட்டைக் கோட்டுக்குத் திரும்புகின்றன. வோல்ட்மீட்டர் இந்த இரண்டு சந்திகளையும் தொட்டு நிற்கிறது.

பிரியாமல் ஒரே வழியில் அடுத்தடுத்து வருபவை தொடரிணைப்பு. ஒரே சந்தியில் பிரிந்து ஒரே சந்தியில் சேருபவை பக்க இணைப்பு. தாளில் தடைகள் மேலும் கீழுமாக இருக்கின்றனவா, பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றனவா என்பது பொருட்டே இல்லை. வினா தயாரிப்பவர் 3 ஓம் தடையைக் குறுக்காகவோ சாய்வாகவோ வரைந்து வைத்திருக்கலாம். அதன் இரு முனைகளும் எந்தச் சந்திகளைத் தொடுகின்றன என்று மட்டும் பாருங்கள். இரண்டு கம்பிகள் புள்ளி இல்லாமல் குறுக்கிட்டால், அல்லது ஒன்றின் மேல் இன்னொன்று சிறு வளைவாகத் தாண்டிப் போனால், அங்கே இணைப்பு இல்லை.

சாவி திறந்திருக்கும்போது

அடைப்புக்குறி போன்ற சாவியின் நடுவே புள்ளி இல்லாவிட்டால் அது திறந்திருக்கிறது. அப்போது 3 ஓம் கிளையில் மின்னோட்டம் இல்லை. 2 ஓமும் 6 ஓமும் தொடராகி மொத்தத் தடை 8 ஓம். ஓம் விதி V = IR. எனவே I = 6/8 = 0.75 ஆம்பியர். வோல்ட்மீட்டர் 6 ஓம் தடையின் இரு முனைகளுக்கு இடையே அளக்கிறது. 0.75 × 6 = 4.5 வோல்ட்.

சாவியை மூடினால்

இப்போது 6 ஓமும் 3 ஓமும் பக்க இணைப்பு. 1/R = 1/6 + 1/3 = 1/2. இங்கே அவசரப்பட்டு 1/2-ஐயே விடையாக எழுதுவது அடிக்கடி நேரும் பிழை. தலைகீழாக்கினால்தான் R = 2 ஓம். பக்க இணைப்பின் மொத்தத் தடை, அதிலுள்ள மிகச் சிறிய தடையைவிடவும் குறைவாகவே இருக்கும். 3-ஐவிடப் பெரிய எண் வந்தால் எங்கோ தவறு என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

முன்னே இருக்கும் 2 ஓமைச் சேர்த்தால் சுற்றின் மொத்தத் தடை 4 ஓம். I = 6/4 = 1.5 ஆம்பியர். ஒரு தடையைக் கூடுதலாகச் சேர்த்தும் மின்னோட்டம் குறையவில்லை, இரு மடங்காகிவிட்டது. மின்னோட்டத்துக்கு இன்னொரு வழி திறந்ததே காரணம்.

2 ஓம் தடையின் குறுக்கே 1.5 × 2 = 3 வோல்ட். மீதி 3 வோல்ட் இரு சந்திகளுக்கு இடையே. வோல்ட்மீட்டர் காட்டுவது அதைத்தான். 6 ஓம் கிளையில் 3/6 = 0.5 ஆம்பியர். 3 ஓம் கிளையில் 3/3 = 1 ஆம்பியர்.

விடை சரிதானா என்று படமே சொல்லும். கிளைகளின் மின்னோட்டங்களைக் கூட்டினால் 0.5 + 1 = 1.5. அம்மீட்டர் காட்டியதும் அதே அளவு. மின்னழுத்தங்களைக் கூட்டினால் 3 + 3 = 6. மின்கல அடுக்கு தந்ததும் அதுவே. இந்த இரண்டு கூட்டலும் பொருந்தினால் தாளைத் தைரியமாகக் கொடுக்கலாம்.

தாளும் மேசையும்

இதே சுற்றை ஆய்வக மேசையில் அமைத்தால் அம்மீட்டர் 1.5-ஐ எட்டாமல் போகலாம். மின்கலத்துக்குள்ளேயே சிறிது தடை உண்டு. அந்த அக மின்தடை மொத்தமாக 1 ஓம் என்று வைத்துக்கொண்டால், சுற்றின் தடை 5 ஓம் ஆகும். மின்னோட்டம் 1.2 ஆம்பியருக்கு இறங்கிவிடும். ஜார்ஜ் சைமன் ஓமுக்கும் இந்தத் தொல்லை இருந்தது. அவர் காலத்து மின்கலங்கள் நிலையாக நிற்கவில்லை. வெப்பநிலை வேறுபாட்டால் மின்சாரம் தரும் வெப்ப மின்னிரட்டைக்கு மாறிய பிறகே அவருடைய அளவீடுகள் ஒழுங்குக்கு வந்தன. 1827-இல் வெளிவந்த அவரது நூல் மூலமாகவே இந்த விதி உலகுக்குத் தெரிந்தது. வினாத்தாளில் அக மின்தடை பற்றி ஒன்றும் சொல்லாவிட்டால் அது சுழி என்று கொள்ளலாம்.

அடுத்த முறை மின்சுற்றுப் படம் வந்தால் எண்களைத் தொடுவதற்கு முன் பென்சிலால் சந்திகளை வட்டமிடுங்கள். பிறகு அந்தச் சுற்றை நேர்க்கோடுகளாக நீங்களே ஒருமுறை வரைந்துகொண்டு கணக்கைத் தொடங்குங்கள்.